விளையின் கடைசிவரை வைஃபை வேகம் குறையாமலிருக்க

தக்கலை பக்கம் வீடு. மொட்டை மாடியில் அவுட்டோர் ஆக்சஸ் பாயிண்ட் இருக்கிறது. 60 மீட்டர் தள்ளி, விளையின் கடைசியில் சிக்னல் காட்டியும் வீடியோ கால் திக்குகிறது. பவரைக் கூட்டலாமா?

கூட்டாதீர்கள். ஆக்சஸ் பாயிண்ட் சத்தமாகப் பேசினால் போன் அதைக் கேட்கும், ஆனால் போனின் சின்ன ஆன்டெனா பதிலுக்குப் பேசுவது மாடிவரை எட்டாது, அதனால்தான் கோடு முழுசாகத் தெரிந்தும் கால் திக்குகிறது. அங்கே நின்று ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். டவுன்லோடு பரவாயில்லை, அப்லோடு மட்டும் படுத்துவிட்டால் காரணம் இதுதான். நடுவில் தென்னை, ரப்பர் நின்றால் மழையில் நனைந்த இலை 5 கிகாஹெர்ட்ஸை இன்னும் விழுங்கும்.

ஆக்சஸ் பாயிண்டையே விளைக்குள் இறக்குங்கள். வீட்டிலிருந்து 35 மீட்டரில் ஒரு தூண், மூன்று மீட்டர் உயரம், கடைசிக்கு மிச்சம் 25 மீட்டர்தான். வயர்லெஸ் ரிப்பீட்டர் வேண்டாம், ஒரே ரேடியோவில் வாங்கிக் கொடுப்பதால் வேகம் பாதியாகும். வெயில் தாங்கும் முழுச் செம்பு கேட் 6 கேபிளை பைப்புக்குள் இழுத்தால் பிஓஇ வழியாகக் கரண்டும் அதிலேயே போகும். 100 மீட்டர் வரை கவலையில்லை.

அப்புறம், சேனல் அகலம் 40 மெகாஹெர்ட்ஸ் போதும். விளையின் கடைசியில் சிக்னல் -67 dBm அல்லது அதைவிட நல்ல அளவு (-60 மாதிரி) வருகிறதா பாருங்கள். ஸ்விட்ச்சில் லிங்க் 1000க்குப் பதில் 100 என்று காட்டினால் பெரும்பாலும் முனையில் ஒரு ஜோடி கம்பி சரியாகப் பிடிக்கவில்லை, கடலோரமென்றால் உப்புக்காற்றில் கனெக்டரின் பின் அரித்திருக்கும். இடிமழைக் காலத்துக்கு, கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் எர்த் கொடுத்த சர்ஜ் புரொடெக்டர் கட்டாயம்.