நல்ல காட்சியை முன்னால் கொண்டுவந்தால் மட்டும் போதாது

"என் ஆவணப்படம் இழுவையாக இருக்கிறது, சொன்னதையே சொல்கிறது என்கிறார்கள். நல்ல காட்சி கடைசியில்தான் வருகிறது. எப்படி மாற்றி அடுக்குவது?"

ஷூட் செய்த வரிசையிலேயே அடுக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எடிட்டிங் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

மதுரைப் பக்கம் ஒரு கண்மாயில் மடை திறக்கும் பெரியவரைப் பற்றிய படம் என்னிடம் வந்தபோது 70 நிமிடம். ட்ரோனில் கண்மாய், டீக்கடை, வரலாறு என்று ஆரம்பிக்கும். 50 நிமிடம் தாண்டித்தான் அவர் ராத்திரியில் தண்ணீரில் இறங்கி, மூச்சைப் பிடித்து மூழ்கி, மடையின் அடைப்பைக் கையால் பிடுங்குவார். கரையில் டார்ச் அடித்தபடி மனைவி, "போதும், மேல வாங்க" என்று கத்துவார்.

அதைத் தூக்கி முதலில் வைத்தேன். ஆனால் அவர் அடைப்போடு மேலே வருவது வரைக்கும்தான். தண்ணீர் வாய்க்கால் வழியாக வயலுக்குப் போவதைப் பழைய இடத்திலேயே விட்டேன். இல்லாவிட்டால் முடிவில் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. முன்னோட்டம் மாதிரி காட்டிவிட்டுப் பின்னால் அதே ஷாட்டைத் திரும்பப் போடவும் கூடாது.

நகர்த்தியதும் சில இடங்கள் உடையும். பெரியவரின் பெயர் திரையில் வருவது டீக்கடைக் காட்சியில் இருந்தது, அதை முன்னால் கொண்டுவந்தேன். "அந்த மடை" என்று பின்னணிக் குரல் சொன்ன இடத்தில் எந்த மடை என்றே தெரியாமல் போயிற்று. தவளைச் சத்தத்திலிருந்து சட்டென்று பகலுக்குத் தாவுவது உறுத்தியதால், அடுத்த காட்சியின் பம்புசெட் சத்தத்தை இரண்டு வினாடி முன்னதாகவே தொடங்கவிட்டேன்.

சொன்னதையே சொல்வதைத் திரையில் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். பேட்டிகளை எழுத்தில் இறக்கி, ஒவ்வொரு காட்சிக்கும் 'இதில் புதிதாக என்ன தெரிகிறது' என்று ஒரு வரி எழுதுங்கள். ஒரே வரி இரண்டு முறை வந்தால் ஒரு காட்சி போக வேண்டியதுதான். இந்தப் படத்தில் கருவேலமும் மண்ணும் கண்மாயை மூடிய கதையை மூன்று பேர் சொன்னார்கள். அழகாகப் பேசியவரை விட்டுவிட்டு, மண்வெட்டியால் வண்டலை வெட்டிக்கொண்டே பேசியவரை வைத்தேன். மற்றவர்களிடமிருந்து அவர் சொல்லாத ஒரு வாக்கியம் மட்டும். படம் 46 நிமிடத்தில் நின்றது.

வரிசையை மாற்றுவது பொய் என்று யாராவது வருவார்கள். வறண்ட வருஷம் சொன்னதை மழை வருஷக் காட்சிக்குப் பதில் மாதிரி ஒட்டினால் அது பொய்தான், நான் அதைச் செய்வதில்லை. ராத்திரிக் காட்சிக்குப் பின், 'ஒரு வருஷம் முன்பு' என்று எழுதியே பின்னால் போனேன்.

இதில் ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. தயாரித்தவர்கள் முடிந்த படத்தின் நிமிடக் கணக்கில்தான் கூலி கொடுத்தார்கள். வெட்டிய 24 நிமிடத்துக்குக் கூலியே இல்லாமல் போயிற்று. எடிட்டருக்குக் கொடுப்பதாக இருந்தால் வேலைக்கு மொத்தமாகப் பேசுங்கள்.

அடுக்கி முடித்ததும் படம் பற்றி எதுவும் தெரியாத ஒருவரை உட்காரவைத்துப் போடுங்கள். "இவர் யாரு?" என்று கேட்கும் இடத்தில் அறிமுகம் தொலைந்திருக்கிறது, போனை எடுக்கும் இடத்தில் பெரும்பாலும் ஏற்கெனவே சொன்ன ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்.