நீல மைக் வந்தது, பதில் வரவில்லை

மேடம், வணக்கம். எனக்கு வயது 26. சிறுசேரியில் வேலை. என் பாட்டிக்கு 81 வயது, மேற்கு மாம்பலத்தில் சித்தி வீட்டில் இருக்கிறார். எம்.பி.ஏ. கடைசி வருட ஃபீஸுக்குத் தன் இரண்டு வளையல்களை விற்றுக் கொடுத்தவர் அவர்தான். பட்டம் வாங்கிய அன்று, ஆபீஸ் பஸ்ஸில் வரும்போதே நாலு நிமிட வாய்ஸ் நோட் அனுப்பினேன். அழுதுகொண்டே பேசினேன். கேட்டுவிட்டார் என்பதற்கு மைக் நீலமாக மாறியது. பதில் இல்லை. மறுநாள் ஒரு காலை வணக்கம் படம் மட்டும் வந்தது. இன்னும் இரண்டு முறை பேசி அனுப்பினேன், அதே கதைதான்.

அண்ணன் ஒரு தரம் பென்ஷன் வேலைக்காக வங்கிக்கு அழைத்துப் போனதற்குப் பாட்டி அவனுக்கு ஆசீர்வாதம் சொல்லி போன் செய்திருக்கிறார். அவன் தமிழில் இரண்டு வரி டைப் செய்து "வங்கி வேலை முடிஞ்சது பாட்டி, நீங்க வந்ததுக்கு நன்றி" என்று அனுப்பியிருந்தானாம், அவ்வளவுதான். அவன்தான் எப்போதும் செல்லம். அம்மா "நீயும் எழுதி அனுப்பேன்" என்கிறாள். எழுத்தில் என்ன உயிர் இருக்கிறது? நான் அழுதது எழுத்தில் தெரியுமா? போன வாரம் போனிலேயே "பாட்டி, அந்த வளையல் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். "ஆமாம்மா, வெயில் தாங்கலை" என்றார். இதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அதை விடுங்கள். நன்றியை வாய்ஸ் நோட்டில் சொல்வதா, எழுதுவதா? அண்ணனுக்கு மட்டும் பதில் சொன்னது நியாயமா?

ஆலோசகர் பதில்:

அன்புள்ள மகளே, "அதை விடுங்கள்" என்று எழுதினீர்களே, அதை விட எனக்கு மனம் வரவில்லை. அண்ணனைப் பற்றியும் காலை வணக்கம் படத்தைப் பற்றியும் இத்தனை எழுதிய நீங்கள், பாட்டி சொன்ன அந்த ஒரு பதிலை மட்டும் அம்மாவிடமிருந்து மறைத்து வைத்திருக்கிறீர்கள். பாட்டிக்கு நினைவு தப்புகிறதோ, நாம் நன்றி சொல்வதற்குள் அந்த வளையலே அவர் மனதிலிருந்து போய்விடுமோ என்று பயப்படுகிறீர்கள். எனக்குப் பட்டது அதுதான். அதனால்தான் இத்தனை அவசரமாக மூன்று முறை பேசி அனுப்பியிருக்கிறீர்கள்.

இங்கிருந்து நோயை நிர்ணயிக்க என்னால் முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதையே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். வளையல், வெயில். இரண்டும் 'வ்' ஒலியில் தொடங்கி 'ல்' ஒலியில் முடிகின்றன. நடுவில் இருப்பது கரைந்துபோனால் ஒன்று மற்றொன்றாகக் கேட்கும். மறந்துபோனவர் பொதுவாக "எந்த வளையல்?" என்று கேட்பார். சரியாகக் கேட்காதவர்தான் பெரும்பாலும் காதில் விழுந்த மிச்சத்தை வைத்து, ஒலியில் நெருங்கிய சொல்லுக்குப் பதில் சொல்வார். இன்னொன்று, அண்ணன் எழுதிய இரண்டு வரிக்குப் பாட்டி பொருத்தமாகப் பதில் சொல்லியிருக்கிறார். படித்தது புரிந்திருக்கிறது, வங்கிக்குப் போனது நினைவிருக்கிறது. அங்கே செல்லம் என்று நீங்கள் படித்த இடத்தில் நான் காது என்று படிக்கிறேன்.

வயதாவதால் வரும் செவித்திறன் குறைவு பெரும்பாலும் இரண்டு காதிலும் சேர்ந்து, மெல்ல மெல்ல வரும். மெல்லிய உயர்ந்த ஒலிகள்தான் முதலில் போகும். பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் உரக்க நிற்கும். சொல்லுக்குச் சொல் வேறுபாடு காட்டும் ச, ஸ, ஃப போன்றவை மெலிந்தவை, அவைதான் முதலில் நழுவும். அதனால்தான் இப்படிப்பட்டவர்கள் "பேசறது கேக்குது, என்ன சொல்றேன்னுதான் புரியலை" என்பார்கள். பெண்களின், குழந்தைகளின் மெல்லிய குரல் அவர்களுக்கு இன்னும் சிரமம். கத்தினாலும் உயிரொலிதான் பெரிதாகும், சொல் தெளியாது. நேரில் பேசும்போது உதட்டைப் பார்த்துப் பாதி புரிந்துகொள்வார்கள். வாய்ஸ் நோட்டில் உதடு கிடையாது.

இப்போது உங்கள் வாய்ஸ் நோட்டை எண்ணிப் பாருங்கள். நாலு நிமிடம், ஓடும் பஸ், அழுகை. பாட்டி அதை போன் பேசுவதுபோல் காதில் வைத்துக் கேட்டிருந்தால், வாட்ஸ்அப் ஒலியை மேலேயிருக்கும் சின்ன ஸ்பீக்கருக்கு மாற்றியிருக்கும். பக்கத்திலிருக்கும் 1x மேல் விரல் பட்டிருந்தால் வேகமும் கூடியிருக்கும். நீல மைக் சொல்வது ஓட்டிப் பார்த்தார் என்பதை மட்டும்தான். புரிந்ததா என்பது அதற்குத் தெரியாது. பேத்தி அழுகிறாள், எதற்கு என்று தெரியவில்லை, திரும்பக் கேட்கக் கூச்சம். பெரியவர்கள் பலர் இந்த இடத்தில் "ஆமாம்மா" சொல்லித் தாண்டிவிடுவார்கள். காலை வணக்கம் படம் அப்படி வந்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

ஒன்றை உரிமையோடு சொல்கிறேன். நீங்கள் வாய்ஸ் நோட்டைத் தேர்ந்தது பாட்டிக்காக அல்ல, உங்கள் அழுகைக்கு அது சுலபமாக இருந்தது. அதில் குற்றமில்லை. ஆனால் அந்தச் சுமையை அவர் மேல் இறக்கி வைத்துவிட்டுப் பதில் இல்லை என்று கோபித்துக்கொண்டது சரியில்லை. எழுத்தில் உயிர் இல்லை என்கிறீர்கள். இன்லண்ட் லெட்டர் வந்தால் அதை வாரக்கணக்கில் எடுத்தெடுத்துப் படித்த தலைமுறை அவருடையது.

ஆகவே முதலில் எழுதுங்கள். தமிழ் எழுத்தில், ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்காமல். நாலைந்து சின்ன வரிகள் போதும்: "பாட்டி, நீங்கள் வளையல் விற்றுக் கட்டிய ஃபீஸில்தான் பட்டம் வாங்கினேன். அன்றைக்கு உங்கள் வெறும் கையைப் பார்த்தேன், ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. இப்போது சொல்கிறேன், நன்றி பாட்டி." சித்தியிடம் சொல்லி அவர் போனில் Settings, Chats, Font size என்று போய் Large வைக்கச் சொல்லுங்கள். எழுத்து வாசிக்கவே சிரமம் என்றால், ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அதைப் படித்துவிட்டார் என்று தெரிந்தபின் குரலை அனுப்புங்கள். இருபது விநாடி, வீட்டு அறையில், ஃபேனை நிறுத்திவிட்டு, வாக்கியத்துக்கு வாக்கியம் இடைவெளி விட்டு. விஷயம் ஏற்கெனவே கையில் இருப்பதால் சொற்கள் பாதி கேட்டாலும் அவருக்குப் போதும், உங்கள் குரல் கிடைத்துவிடும்.

அடுத்து அம்மாவிடம் சொல்லுங்கள், இன்று இரவே. டிவி சத்தம் கூடிவிட்டதா, அமைதியான அறையில் எதிரே உட்கார்ந்து பேசினால் பதில் பொருந்துகிறதா என்று சித்தியிடம் கேளுங்கள். நேரில் பேசும்போதும், எழுதிக் காட்டிய பிறகும், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால் அது வேறு, நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். போனில் மட்டும் தடுமாற்றம் என்றால் முதலில் காது, மூக்கு, தொண்டை மருத்துவர். சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. சில நேரம் அடைத்த காதுக்குரும்பியை எடுத்தாலே பாதி சரியாகும். இல்லையென்றால் ஒலிச் சோதனை, தேவைப்பட்டால் கருவி. தள்ளிப்போட வேண்டாம், கவனிக்காமல் விட்ட செவிக்குறைவு பிற்கால நினைவிழப்பின் அபாயக் காரணிகளில் ஒன்று என்று லான்செட் ஆணையம் 2017லிருந்து சொல்லி வருகிறது.

பரிசோதனைக்குப் போகும் நாளில் நீங்களும் லீவு போட்டுக்கொண்டு உடன் போங்கள். ஆட்டோவில் அவருக்கு எந்தக் காது நன்றாகக் கேட்கிறதோ அந்தப் பக்கம் உட்காருங்கள்.