கொலையாளி வந்தானா, வந்தாளா?

சார், ஒரு இங்கிலீஷ் துப்பறியும் நாவல தமிழ்ல பண்ணிட்டு இருக்கேன். கொலைகாரன் ஆணா பொண்ணான்னு கடைசி அத்தியாயம் வரைக்கும் சொல்லாம 'தே'ன்னே ஓட்டியிருக்காங்க. நான் 'வந்தார்'னு போட்டா மரியாதை குடுத்த மாதிரி சிரிப்பா இருக்கு. அதே கதையில ஒரு சேர்பெர்சனும் வர்றாங்க, அதுக்கு என்ன போடறது?

அன்புள்ள நண்பருக்கு,

'யாரோ' வர்ற இடத்துல கவலையே படாதீங்க. 'யாரோ குடைய விட்டுட்டுப் போயிட்டாங்க'ன்னு தினமும் சொல்றோம், அதுல ஆண் பெண்ணும் தெரியாது, மரியாதையும் ஒட்டாது. குறிப்பா ஒரு ஆளப் பத்திப் பேசும்போதுதான் மாட்டிக்கிறோம். எழுத்துல 'அவர்' ரெண்டு பேருக்கும் பொது, ஆனா பேச்சுல 'அவரு வந்தாரு'ன்னா ஆம்பள, 'அவங்க வந்தாங்க'ன்னா ஒண்ணு பொம்பள இல்ல பல பேரு, அதனால இன்ஸ்பெக்டர் வசனத்துல 'அவங்க பின்பக்கமா வந்தாங்க'ன்னு போட்டா வாசகர் ஒரு கும்பலயே தேட ஆரம்பிச்சிடுவாரு. (பன்மைய ஒருத்தருக்குப் போடறத தொல்காப்பியமே உயர்சொல்னு சொல்லுது. அந்த உயர்வுதான் இப்ப உங்க கொலையாளி தலையில ஏறி உக்காந்திருக்கு.)

தமிழ்ல எல்லா வினையும் பால் காட்டாது, அதப் பிடிச்சுக்கோங்க. இன்ஸ்பெக்டர் இப்படிப் பேசட்டும்: 'கொலையாளிக்கு இந்த வீடு நல்லாத் தெரியும். சமையக்கட்டுக் கதவு வழியா வந்திருக்கணும். பணத்தத் தொடவே இல்ல. மாடியில ரொம்ப நேரம் காத்திருந்திருக்கலாம்.' நாலு வாக்கியத்துலயும் ஆளோட பால் தெரியல. 'தெரியும்', 'பிடிக்கும்' எல்லாம் 'க்கு' போட்டு வர்றதால ஆளோட ஒட்டாது, 'ணும்', 'லாம்', 'இல்ல' மூணும் அவனுக்கும் அவளுக்கும் ஒண்ணுதான். முதல் வாக்கியத்துல கொலையாளின்னு சொல்லிட்டா அப்புறம் எழுவாயே வேண்டாம், தமிழ் தாங்கும்.

ஆனா இது ஊகம் பேசற இடத்துக்குத்தான். கொலை நம்ம கண்ணு முன்னாடி நடக்கற அத்தியாயத்துல 'லாம்' போட்டா காட்சியே சந்தேகம் ஆயிடும். அங்க ஆள விட்டுட்டு கையையும் நிழலையும் எழுவாயாக்குங்க, 'கை மெதுவாகக் கதவைத் தள்ளியது' மாதிரி. அதையும் ரெண்டு மூணு இடத்துக்கு மேல போட்டா பேய்க்கதை ஆயிடும், பாத்துக்கோங்க.

முடிச்சதும் வினைமுற்ற மட்டும் தேடாதீங்க, 'வந்தவன்', 'செஞ்சவன்' மாதிரி பெயர்கள்லதான் குட்டு வெளிப்படும். உங்க கடிதத்துலயே 'கொலைகாரன்'னு எழுதிட்டீங்க பாருங்க.

சேர்பெர்சனுக்கு 'தலைவர்' போதும், இலங்கை வாசகர்னா 'தவிசாளர்'. 'தலைவி' மட்டும் வேண்டாம். ஆனா கதையில யாராவது 'ஏன் சேர்மன்னு சொல்றீங்க'ன்னு சண்டை போட்டா அங்க சேர்மன், சேர்பெர்சன்னு அப்படியே விட்டுடுங்க, தலைவர்ல ஆம்பளயே இல்லாதப்ப அந்தக் கோபம் வாசகருக்குப் புரியாது. பேச்சுல 'தலைவர் வந்தாரு'ன்னா ஆம்பளன்னு ஆயிடும். 'தலைவர் வந்தாச்சு'ன்னு போடுங்க.