லீவா, குறைந்த நேர வேலையா?

மேடம், வணக்கம். அம்மாவுக்கு அடுத்த மாதம் வலது முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை. நான் சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருக்கிறேன், வீடு குரோம்பேட்டை. சம்பளம் 60,000, அதில் பேசிக் 24,000. இ.எல். 13 நாள் மிச்சம் இருக்கிறது. முதல் வாரம் தங்கை மதுரையிலிருந்து வந்து ஆஸ்பத்திரியில் தங்குவாள். அப்புறம் பகலில் அப்பா இருப்பார், ஆனால் அவருக்கு 74 வயது, அம்மாவைப் பிடித்துத் தூக்க முடியாது. மேனேஜர் "ஆறு வாரத்துக்கு வாரம் நாலு நாள், தினம் பத்து மணி நேரம் வேலை பார், வெள்ளிக்கிழமை வர வேண்டாம்" என்கிறார். மொத்தமாக லீவ் போடுவதா, இதை ஒத்துக்கொள்வதா, தினமும் இரண்டு மணி நேரம் குறைத்துக் கேட்பதா? சம்பளம் ரொம்ப அடிபடக் கூடாது.
— எஸ்., குரோம்பேட்டை

அன்புள்ள எஸ்.,

மேனேஜர் நல்ல மனதோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த ஏற்பாடு உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. பத்து மணி நேர வேலை, சாப்பாட்டுக்கு ஒரு மணி, ரேடியல் ரோட்டில் போக வர இரண்டரை மணி என்று கூட்டிப் பாருங்கள். காலை ஏழே காலுக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ராத்திரி எட்டே முக்கால் ஆகும். வெள்ளிக்கிழமை முழுவதும் கிடைக்கிறது, அதற்கு விலையாக நாலு சாயங்காலம் போகிறது. வாரம் ஒருமுறை ஒரு நாள் முழுக்கக் கூட இருக்க வேண்டிய வேலைக்குத்தான் இந்த முறை சரி. கீமோவுக்குக் கூட்டிப் போவது, வெளியூரில் இருக்கும் பெற்றோரை வாரக் கடைசியில் பார்த்துவிட்டு வருவது போன்றவை. முழங்கால் அப்படியில்லை. பிசியோதெரபிஸ்ட் வந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார், காலை மடக்கி நீட்டும் பயிற்சியைத் தினமும் சில வேளை செய்ய வைக்க வேண்டியது வீட்டு ஆள். முதல் ஆறு வாரத்தில் முட்டி மடங்கப் பழகவில்லை என்றால் பின்னால் மடக்குவது பெரும்பாடு. வலிக்குது, நாளைக்குப் பார்க்கலாம் என்று அம்மா சொல்வார், அப்பா சரி என்பார். அதற்காகத்தான் நீங்கள் தினமும் சாயங்காலம் வீட்டில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை. அதற்கு மேல் போனால் ஓவர்டைம், அதையும் சேர்த்து 10 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அதனால் மேனேஜர் வாயால் சொன்ன பத்து மணி நேரத்தை ஹெச்.ஆர். எழுத்தில் தரத் தயங்கலாம். எழுத்தில் இல்லாவிட்டால், மூன்றாவது வெள்ளிக்கிழமையே "ஒரு சின்ன கால்" என்று போன் வரும்.

தேவை எல்லா வாரமும் ஒரே மாதிரி இருக்காது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் இருக்கிறார், தங்கையும் இருக்கிறாள். அங்கே போய் நாற்காலியில் உட்கார்ந்து லீவைக் கரைக்காதீர்கள், ஆபரேஷன் அன்று மட்டும் இருந்தால் போதும். கஷ்டம் வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பிக்கும். வாக்கரோடு பாத்ரூம் போவது, ராத்திரி எழுப்புவது, தையல் பிரிக்கும் வரை காயத்தை நனைக்காமல் குளிப்பாட்டுவது. தையல் பிரிக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். ஆகவே இரண்டாவது வாரம் முழு லீவ், ஐந்து நாள். மூன்றிலிருந்து ஆறு வரை நாலு வாரம் தினம் இரண்டு மணி நேரம் குறைத்து, நாலு மணிக்குக் கிளம்புங்கள்.

குறைந்த நேரம் என்று கேட்டதும் "அப்போ நாலு வாரத்துக்கு 75 சதவீத சம்பளம்" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். 20 வேலை நாளில் தினம் 2 மணி என்றால் 40 மணி நேரம், அதாவது சரியாக ஐந்து நாள் வேலை. உங்கள் கம்பெனி மாதத்தை 30 நாளாக வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 2,000. ஐந்து நாள் சம்பளப் பிடித்தம் போட்டாலும் போவது 10,000. ஆனால் நாலு வாரத்துக்கு 25 சதவீதம் வெட்டினால் போவது 14,000. காரணம், சதவீத வெட்டு 28 நாளுக்கும் விழுகிறது, நீங்கள் எப்படியும் வேலை பார்க்காத எட்டு சனி ஞாயிறும் அதில் அடக்கம். வேலை பார்க்காத நேரம் இரண்டிலும் அதே 40 மணிதான், கணக்குப் போடும் விதத்தில் 4,000 கூடப் போகிறது. பேசிக் குறைந்தால் பி.எஃப்.பும் குறையலாம்.

இரண்டுமே வேண்டாம். அந்த 40 மணி நேரத்துக்கு ஈடாக ஐந்து இ.எல். கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள், சம்பளம் முழுசாக வரும். லீவைச் சேர்த்து வைத்தால் பிறகு காசாக்கலாமே என்று தோன்றும். பெரும்பாலான இடங்களில் பேசிக்கை வைத்துத்தான் காசு தருவார்கள், உங்களுக்கு ஒரு நாளுக்கு 800 ரூபாய். இப்போது எடுத்தால் அதே நாளின் மதிப்பு 2,000.

ஆபரேஷன் திங்கட்கிழமை ஒரு நாள், டிஸ்சார்ஜ் அன்று ஒன்று, அடுத்த வாரம் ஐந்து, குறைந்த நேரத்துக்கு ஐந்து. மொத்தம் 12. ஒன்று மிச்சம், டாக்டரிடம் ரிவ்யூவுக்கு.

இதில் ஒரு பொறி உண்டு. டிஸ்சார்ஜ் வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி லீவ், அடுத்து திங்கள் முதல் வெள்ளி லீவ். சாண்ட்விச் விதி உள்ள கம்பெனியில் நடுவில் உள்ள சனி ஞாயிறும் லீவாகிவிடும். 12 என்பது 14 ஆகும், கையில் இருப்பதோ 13. லீவ் பாலிசியைத் திறந்து அந்த வரியைத் தேடுங்கள். விதி இருந்தால் வெள்ளிக்கிழமை காலை ஆபீஸ் போய்விட்டு அரை நாள் மட்டும் போடுங்கள், பல இடங்களில் அரை நாள் இந்த விதிக்குள் வராது. டாக்டரிடம் சனிக்கிழமை டிஸ்சார்ஜ் கேட்க முடிந்தால் அந்த நாளே மிச்சம்.

குறைந்த நேர வேலை கெட்டுப்போவது எப்போதும் ஒரே இடத்தில்தான். நேரம் ஆறு மணி, வேலை மட்டும் பழைய எட்டு மணி அளவு. மீதியை ராத்திரி பத்து மணிக்கு லேப்டாப்பில் முடிப்பீர்கள், லீவும் கழிந்திருக்கும். அதனால் மெயிலில் நேரத்தை மட்டும் எழுதாதீர்கள், எந்த வேலை யாரிடம் போகிறது என்பதையும் எழுதுங்கள். வெண்டார் பில் சரிபார்ப்பு ஒருவருக்கு, நாலு மணிக்கு மேல் வரும் பேமென்ட் அப்ரூவல் இன்னொருவருக்கு என்று பெயரோடு. மாதக் கடைசி க்ளோசிங் அந்த நாலு வாரத்தில் வரும். அந்த மூன்று நாள் முழு நேரம் இருக்கிறேன், அந்த ஆறு மணி நேரத்தை அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறேன் என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். மேனேஜர் மறுப்பதற்கு இருக்கும் பெரிய காரணம் அதுதான். அந்த மூன்று நாள் சாயங்காலத்துக்கு வீட்டில் ஓர் ஆளை இப்போதே சொல்லி வையுங்கள்.

தொடங்கும் தேதி, முடியும் தேதி, ஐந்து இ.எல். கழிப்பது, மூன்றும் ஹெச்.ஆரின் பதில் மெயிலில் இருக்க வேண்டும். கூடவே ஷிப்ட் நேரத்தை அட்டெண்டன்ஸ் சிஸ்டத்தில் மாற்றச் சொல்லுங்கள். மேனேஜர் சரி என்றது ஸ்வைப் மெஷினுக்குத் தெரியாது. நாலு மணிக்கு வெளியே போனவரை அது தினமும் அரை நாள் ஆப்சென்ட் என்று குறிக்கும். 20 அரை நாள் என்றால் பத்து நாள் பிடித்தம். முதல் நாள் சாயங்காலம் ஸ்வைப் செய்துவிட்டு மறுநாள் காலையில் போர்ட்டலில் என்ன விழுந்திருக்கிறது என்று பாருங்கள். தவறாக இருந்தால் பேரோல் மூடும் தேதிக்கு முன்பே திருத்தச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு என்றால் பணம் அடுத்த மாதச் சம்பளத்தில்தான் வரும்.