துளையில் நுழையாத பூட்டு: ஹாஸ்டலில் லேப்டாப்பை எதில், எப்படிக் கட்டுவது?

கேள்வி: ஹாஸ்டலில் நான்கு பேருக்கு ஒரே அறை. பகலில் பாதி நேரம் அறையில் ஆள் இருக்காது. வாரத்தில் சில நாள் கோ-ஒர்க்கிங் இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். லேப்டாப்பின் ஓரத்தில் சின்னத் துளை ஒன்று இருக்கிறதே என்று கேபிள் பூட்டு வாங்கினேன். அதில் நுழையவே மாட்டேன் என்கிறது. வேறு வாங்க வேண்டுமா? வாங்கினால் எதில் கட்டுவது? அது மட்டும் போதுமா?

பதில்: வேறு வாங்கத்தான் வேண்டும். கையில் இருப்பதை அழுத்தி நுழைக்கப் பார்க்காதீர்கள். துளையின் விளிம்பு நெளிந்துவிட்டால் சரியான பூட்டும் அப்புறம் பிடிக்காது.

இந்தத் துளைகள் மூன்று அளவில் வருகின்றன. பழைய, தடிமனான லேப்டாப்களில் இருப்பது கென்சிங்டன் துளை, 7 மி.மீ. நீளம், 3 மி.மீ. அகலம். கடையில் வெறுமனே “லேப்டாப் பூட்டு” என்று கேட்டால் பெரும்பாலும் இதற்கானதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். மெலிந்த மாடல்களில் நானோ துளை, 6 மி.மீ.க்கு 2.5 மி.மீ. மூன்றாவது வெட்ஜ், 4.5 மி.மீ.க்கு 3.2 மி.மீ., பார்த்தால் கிட்டத்தட்டச் சதுரம்போல் இருக்கும். அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண் கண்டுபிடிக்காது. மாடல் எண்ணை வைத்து, தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் “லாக் ஸ்லாட்” என்ற வரியைத் தேடி, எந்த வகை என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். மூன்று அளவுக்கும் மாற்று முனைகளோடு விற்கும் பூட்டுகளும் உண்டு. லேப்டாப்பை விரைவில் மாற்றப்போகிறீர்கள் என்றால் அது பயன்படும். இல்லையென்றால் ஒரே அளவுக்குச் செய்த பூட்டுதான் ஆட்டம் இல்லாமல் உட்காரும்.

அந்த ஆட்டம் சின்ன விஷயமல்ல. கென்சிங்டன் பூட்டின் முனை ஆங்கில ‘T’ வடிவக் கம்பி. உள்ளே போனதும் சாவி அதைக் கால் சுற்று திருப்பி, துளைக்குக் குறுக்கே நிறுத்துகிறது. பூட்டின் தலைக்கும் லேப்டாப்பின் உடம்புக்கும் நடுவே இடைவெளி இருந்தால், தலையையே நெம்புகோலாகப் பிடித்துத் திருகலாம். பிளாஸ்டிக் உடம்பு என்றால் துளையோடு பிய்ந்து வரும். பூட்டோடு வரும் ரப்பர் வளையங்கள் இந்த இடைவெளியை அடைக்கத்தான். பலர் அவற்றை டப்பாவிலேயே விட்டுவிடுகிறார்கள். பூட்டிய பிறகு சாவியை எடுத்துவிட்டு, தலையைப் பிடித்து நேராக ஒரு இழு இழுத்துப் பாருங்கள். கம்பி முழுதாகத் திரும்பாமல் பாதியில் நின்றிருந்தால் கையோடு வந்துவிடும். பூட்டியாகிவிட்டது என்று நம்பிப் பூட்டாமலே போகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சாவியா, எண்ணா? பகிர்ந்த அறை என்றால் சாவிதான் என் பரிந்துரை. நான்கு இலக்கப் பூட்டில் 10,000 சேர்க்கைகள் உண்டு என்பது கணக்கு. நடப்பில் அறை நண்பர்கள் பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள். அவசரத்தில் நீங்களும் கடைசிச் சக்கரத்தை மட்டும் ஒரு பல் நகர்த்திவிட்டுக் கிளம்புவீர்கள். சாவிப் பூட்டில் கவனிக்க வேண்டியது வட்டக் குழாய்ச் சாவி. 2004-இல் குழாய்ச் சாவி போட்ட சைக்கிள் பூட்டுகளைப் பால்பாயின்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழலை வைத்தே திறக்கலாம் என்று உலகத்துக்கே தெரிந்துபோனது. மலிவான குழாய்ப் பூட்டுகளை இன்றும் நம்ப வேண்டியதில்லை. தட்டைச் சாவி போடும் பூட்டாகப் பாருங்கள். மாற்றுச் சாவியை லேப்டாப் பையில் வைக்காதீர்கள். சாவியில் பொறித்த எண்ணை ஒரு அட்டையில் குறித்துவைத்துக்கொண்டு, அந்த அட்டையையும் அறைக்கு வெளியே வையுங்கள்.

இனி எதில் கட்டுவது. பூட்டு நல்லதா என்பதைவிட இதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. கேபிளின் மறுமுனையில் ஒரு கண்ணி இருக்கும். அசையாத பொருள் ஒன்றைச் சுற்றிக்கொண்டு வந்து, பூட்டின் தலையை அந்தக் கண்ணிக்குள் நுழைத்து இறுக்கினால் சுருக்கு விழும். அந்தப் பொருள் மூடிய வளையமாக இருக்க வேண்டும். அதாவது எந்தப் பக்கம் தள்ளினாலும் சுருக்கு கழன்றுவிட வழி இருக்கக் கூடாது. வெறும் மேசைக்கால் இந்தச் சோதனையில் தேறாது. மேசையின் ஒரு மூலையை ஒரு சாண் தூக்கினால் போதும், கேபிள் அடியில் நழுவிவிடும். காலுக்குக் காலாகக் குறுக்குச் சட்டம் இருந்தால் அதற்கு மேலே கட்டுங்கள். மேசை இழுப்பறையின் கைப்பிடி உள்ளே இரண்டு திருகில் நிற்பது. அதைக் கழற்ற ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும்.

ஹாஸ்டல் கட்டிலைப் பார்க்கும்போது வெல்டிங் செய்த சட்டமா, கழற்றி மாட்டுவதா என்று முதலில் பாருங்கள். அடுக்குக் கட்டில்களில் பக்கச் சட்டம் பலவற்றில் தலைமாட்டுச் சட்டத்தின் கொக்கியில் வெறுமனே மாட்டியிருக்கும். மேலே தூக்கினால் வந்துவிடும். வெல்டிங் செய்த தலைமாட்டின் நடுக் கம்பி நல்ல இடம். சுவரில் பதித்த ஜன்னல் கம்பி அதைவிட நல்லது, ஆனால் வெளியிலிருந்து கை எட்டாத ஜன்னலாக இருக்க வேண்டும். கட்டி முடித்ததும் கருவி எதுவும் இல்லாமல் இரண்டு நிமிடம் நீங்களே அதைக் கழற்றப் பாருங்கள். உங்களால் முடிந்தால் எவராலும் முடியும்.

கேபிளைத் தொளதொளவென்று விடாதீர்கள். தரையில் கிடக்கும் கேபிளில் வெட்டுக்கருவியின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி முழு உடல் எடையையும் கொடுத்து வெட்ட முடியும். மிச்ச நீளத்தைக் கம்பியில் இன்னொரு சுற்று சுற்றிவிடுங்கள்.

அது போதுமா என்று கேட்டீர்கள். கோ-ஒர்க்கிங் இடத்துக்குப் போதும், அறைக்குப் போதாது. வித்தியாசம் திருடுபவரின் கையில் இருக்கும் நேரம். கோ-ஒர்க்கிங் இடத்தில் அவருக்குக் கிடைப்பது சில நொடிகள். சுற்றிலும் கண்கள் இருப்பதால், எடுத்துக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு நடந்துவிட முடிந்தால்தான் அவருக்கு லாபம். 4 மி.மீ. கேபிள்கூட அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். நீங்கள் கழிப்பறைக்குப் போய்வரும் பத்து நிமிடத்துக்கு அது சரி. சாப்பிடப் போகிறீர்கள் என்றால் கையோடு எடுத்துப் போய்விடுங்கள். பக்கத்து மேசைக்காரரிடம் “கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போவதில் பொருளில்லை; அவருக்கு உங்கள் நண்பர் யார், அந்நியர் யார் என்று தெரியாது.

ஆளில்லாத ஹாஸ்டல் அறையில் நிலைமை நேரெதிர். மணிக்கணக்கில் நேரம் இருக்கிறது, பார்க்க ஆளில்லை. தோட்டக் கத்தரி அளவுள்ள கம்பி வெட்டி சாதாரணக் கேபிளை நொடியில் துண்டாக்கும். 6 மி.மீ. தடிமன் என்றால் கருவி கொஞ்சம் பெரிதாக வேண்டும், அவ்வளவுதான். கேபிள் போட்ட லேப்டாப்பை மேசையிலேயே விட்டுப்போவது, இங்கே எடுக்கத்தக்க பொருள் இருக்கிறது என்று காட்டிவிட்டுப் போவதும்கூட. ஆகவே அறையில் முதல் காவல் மறைவு, இரண்டாவது இரும்பு: ஸ்டீல் லாக்கருக்குள் வைத்துப் பூட்டுங்கள்.

லாக்கரில் பூட்டை விட அது மாட்டும் கொண்டியைப் பாருங்கள். கொண்டியின் திருகுகள் வெளியே தெரிந்தால் பூட்டைத் தொடவே வேண்டாம், திருகைக் கழற்றினால் போதும். அப்படி இருந்தால் உள்பக்கம் நட்டு போட்ட போல்ட்டாக மாற்றித் தரச் சொல்லி ஹாஸ்டல் நிர்வாகத்தைக் கேளுங்கள். பூட்டின் வளையம் கடினமாக்கிய எஃகாக, வெளியே மிகக் குறைவாகத் தெரியும் வகையாக இருக்கட்டும். வெட்டுக்கருவியின் வாய் நுழைய இடம் இருக்காது. லாக்கரே தூக்கிச் செல்லத்தக்க சின்னப் பெட்டி என்றால், உங்கள் கேபிள் பூட்டை அதன் பின்துளை வழியே வெளியே எடுத்துக் கட்டில் சட்டத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். லேப்டாப்பை உறக்க நிலையில் உள்ளே வைக்காதீர்கள். ஏதோ காரணத்தால் அது விழித்துக்கொண்டால் மூடிய பெட்டிக்குள் சூடேறும். முழுதாக அணைத்துவிட்டு வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, கீழே வருகிறது.

துளையே இல்லாத லேப்டாப் வைத்திருக்கும் உங்கள் அறை நண்பருக்கும் ஒரு வார்த்தை. ஒட்டும் தகடு கிடைக்கிறது. அதில் கேபிள் மாட்டும் துளை இருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சம அளவில் கலந்து துடைத்து, உலரவிட்டு, அழுத்தி ஒட்ட வேண்டும். இவற்றில் வழக்கமாக வரும் அக்ரிலிக் நுரை ஒட்டுநாடா முழுப் பலம் பெற அறை வெப்பத்தில் 72 மணி நேரம் ஆகும். ஒட்டிய அன்றே இழுத்துப் பார்த்து “இது உதவாது” என்று சொல்பவர்கள் அதை அறியாதவர்கள். அடித்தகட்டில் ஒட்டினால், திருகுகளைக் கழற்றி அடித்தகட்டை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துப் போக முடியும். சில நொடிகளே கிடைக்கும் இடத்தில் அது நடக்காது. ஆளில்லா அறையில் நடக்கும்.

எல்லாவற்றையும் மீறிப் போய்விட்டால், போனது இயந்திரம் மட்டுமாக இருக்க வேண்டும். அதற்கு, வட்டில் இருப்பதை மற்றவர் படிக்க முடியாதபடி மாற்றிவைக்கும் வட்டு மறையாக்கம் செயல்பாட்டில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகியாகத் திறந்து இதைத் தட்டுங்கள்:

```
manage-bde -status C:
```

`Protection Status` வரியில் `Protection On` என்று இருக்க வேண்டும். வட்டு முழுவதும் மறையாக்கப்பட்டிருந்தும் `Protection Off` என்று வந்தால், பூட்டின் சாவி பூட்டிலேயே தொங்குகிறது என்று பொருள். மறையாக்கம் இருந்தும் பயனில்லை. மேக்கில் `fdesetup status` என்று தட்டினால் `FileVault is On.` என்று வர வேண்டும். விண்டோஸின் மீட்புச் சாவி 48 இலக்கம். அதைத் தாளில் எழுதி, லேப்டாப்போடு சேர்ந்து போகாத இடத்தில் வையுங்கள்.

முழுதாக அணைக்கச் சொன்னதன் காரணம் இதுதான்: உறக்க நிலையில் மறையாக்கச் சாவி நினைவகத்திலேயே இருக்கும், அணைத்த இயந்திரத்தில் இருக்காது. மேசையை விட்டு எழும்போது விண்டோஸில் `Win + L`, மேக்கில் `Control + Command + Q`. திறந்த திரையோடு போன லேப்டாப்பில் மறையாக்கம் எதையும் காக்காது.

கடைசியாக, சீரியல் எண். புகார் கொடுக்கவும், எங்காவது கிடைத்தால் உங்களுடையது என்று நிரூபிக்கவும் அதுதான் வேண்டும். லேப்டாப் போன பிறகு அதன் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்க்க முடியாது. விண்டோஸ் பவர்ஷெல்லில்:

```
Get-CimInstance Win32_BIOS | Select-Object SerialNumber
```

வருவதைப் போனில் படம் எடுத்து, வாங்கிய ரசீதின் படத்தோடு மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். “சாதனத்தைக் கண்டுபிடி” வசதியையும் போட்டுவையுங்கள். ஆனால் விண்டோஸில் அது இயந்திரம் இணையத்தில் சேர்ந்தால்தான் வேலை செய்யும். மேக்கில் அதோடு வரும் செயலாக்கப் பூட்டு, அழித்துவிட்டு மறுபடி நிறுவினாலும் உங்கள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். ஆகவே பழைய மேக்கை விற்கும்போது அதை நீக்கிவிட்டுக் கொடுங்கள். வாங்கும்போது நீக்கியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.