கோரஸ் ஏன் திறக்கவில்லை?

கேள்வி: "கோரஸுக்கு முன்னால் பிரீ-கோரஸ் வைத்திருக்கிறேன். ஆனாலும் கோரஸ் வரும்போது ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிறது. கோரஸ் பளிச்சென்று திறக்க, பிரீ-கோரஸை எப்படி எழுதுவது?"

இரண்டு வருடம் முன்பு எனக்கும் இதே கதைதான். கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு மழையில் நிற்பதைப் பற்றி ஒரு பாட்டு. டெமோவைக் கேட்ட பேஸ் வாசிக்கும் அண்ணன், "கோரஸ் எப்பப்பா வரும்?" என்றார். அது ஓடிக்கொண்டிருந்ததே கோரஸ்தான். இன்னொரு முறை கேட்டுவிட்டு அவரே சொன்னார்: "முன்னாடியே வீட்டுக்குள்ள வந்து செருப்பைக் கழட்டிட்ட. அப்புறம் எதுக்கு மறுபடி கதவைத் தட்டுற?"

என் பிரீ-கோரஸ் F, C, F, G என்று போனது. பாட்டு C மேஜரில். அதாவது C கார்டுதான் வீடு. நடுவிலேயே அங்கே ஒரு எட்டு போய்விட்டு வந்ததால், கோரஸ் C-யில் இறங்கும்போது அதில் புதிதாக எதுவும் இல்லை. மெட்டும் அப்படித்தான். கோரஸின் உச்சமாக வைத்திருந்த மேல் ஸட்ஜத்தைப் பிரீ-கோரஸிலேயே இரண்டு முறை தொட்டிருந்தேன். டிரம்ஸை எவ்வளவு ஏற்றினாலும் சத்தம்தான் கூடியது.

திருத்தியபோது இப்படி ஆனது (ஒரு கட்டம் ஒரு பார்):

```
வெர்ஸ்:      C | C | Am | Am | F | F | G | G
பிரீ-கோரஸ்:  Dm | Em | F | G
கோரஸ்:       C | G | Am | F
```

பிரீ-கோரஸில் C கார்டு கிடையாது. வெர்ஸில் ஒரு கார்டு இரண்டு பார் நிற்கிறது, இங்கே ஒவ்வொரு பாருக்கும் மாறுகிறது. டெம்போவைத் தொடாமலே நடை வேகமானது போல் காதுக்குத் தோன்றும். மெட்டை வெர்ஸில் ஸ-வுக்கும் ப-வுக்கும் நடுவிலேயே அடக்கிவிட்டு, பிரீ-கோரஸின் நான்கு வரிகளையும் ம, ப, த, நி என்று ஒவ்வொரு படியாக நிறுத்தினேன். நாலும் அந்தந்தக் கார்டின் மூன்றாவது சுரம் என்பதால் உறுத்தாமல் உட்காரும். கடைசி நி-க்கும் மேல் ஸ-வுக்கும் அரை சுரம்தான் இடைவெளி. அங்கே நின்றுவிட்டால் காது தானாகவே ஸ-வைத் தேடும். கோரஸின் முதல் எழுத்து அந்த ஸ-வில் விழுகிறது.

வரிகளில்தான் நான் அதிகம் தடுமாறினேன். பழைய வரி "நீயும் வரவில்லை, நானும் போகவில்லை". வாக்கியம் முடிந்துவிட்டது, கேட்பவருக்குக் காத்திருக்க எதுவும் இல்லை. தமிழில் வினை கடைசியில் வருவது இங்கே பெரிய வசதி. முடிக்காமல் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் இழுக்கலாம்:

விளக்கணைந்த தெருவிலே
கடைசி வண்டி போனபின்
குடையிருந்தும் நனைந்து நான்
நிற்பது...

கோரஸ் "யாருக்காக?" என்று தொடங்குகிறது. தெருவிலே, போனபின், நனைந்து எல்லாமே தொங்கிக்கொண்டு நிற்கும் சொற்கள். கடைசி வரி ஒரே சொல்லாகச் சுருங்கியதால், அதற்குப் பிறகு பாதி பார் காலியாகக் கிடைத்தது. அதை நிரப்பத்தான் கை வரும், நிரப்பாதீர்கள். நாங்கள் அந்த நாலாவது பாரில் பேஸையும் கிக்கையும் நிறுத்திவிட்டோம். கோரஸின் முதல் அடியில் இரண்டும் சேர்ந்து விழும்போது சத்தத்தைக் கூட்டாமலே கனம் வந்தது.

இரண்டாவது முறை பிரீ-கோரஸ் வரும்போது அடுத்து என்ன என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும். அதனால் அப்போது மட்டும் G-யை இன்னொரு பார் நீட்டினேன். மூன்று பார் வரை இழுத்துப் பார்த்தேன், பாட்டு சிக்கிக்கொண்ட மாதிரி இருந்தது, விட்டுவிட்டேன். உங்கள் பாட்டு முழுக்க ஒரே நாலு கார்டு சுற்றுகிறது என்றால் கார்டை ஒளித்துவைக்கும் வேலை நடக்காது. மெட்டின் உச்சத்தையும் பேஸையும்தான் பிடித்துவைக்க வேண்டும்.

முதலில் உங்கள் டெமோவில் பிரீ-கோரஸை வெட்டிவிட்டு, வெர்ஸிலிருந்து நேராகக் கோரஸுக்குப் போய்க் கேளுங்கள். எதுவும் குறைந்ததாகத் தெரியாவிட்டால் அந்த நாலு பார் அங்கே சும்மா இருக்கிறது. அடுத்து, பிரீ-கோரஸின் கடைசி எழுத்தோடு பாட்டை நிறுத்திவிட்டு, பாட்டை ஏற்கெனவே இரண்டு முறை கேட்ட ஒருவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். நான் "நிற்பது"-வில் நிறுத்தியபோது அடுப்படியிலிருந்து அம்மா, "யாருக்காக" என்று பாடிவிட்டு, "ஏன்டா பாதியில நிறுத்துற?" என்றார்.