தேக்கு அலமாரிக்கு விலை போடும்போது கணக்கு எங்கே நழுவுகிறது?

கேள்வி: தனியாகப் பட்டறை வைத்து ஒரு வருடம் ஆகிறது. நானே தச்சு வேலை செய்கிறேன். உதவிக்கு ஒருவர் இருக்கிறார். நான்கடி அகலம், ஆறரை அடி உயரம், 20 அங்குல ஆழத்தில் இரட்டைக் கதவுத் தேக்கு அலமாரி ஒன்றுக்கு 70,000 ரூபாய் விலை சொன்னேன். மரம் 7 கன அடி போதும் என்று கணக்கிட்டேன். 12 கன அடிக்கு மேல் வாங்க வேண்டியதாகிவிட்டது. வேலை முடிந்தபோது கையில் எதுவும் மிஞ்சவில்லை. பக்கத்துப் பட்டறைகளில் சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்கிறார்கள். நான் எப்படி விலை போட வேண்டும்?

பதில்: முதலில் அந்த 7 கன அடி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். செய்து முடித்த அலமாரியின் அளவை வைத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முடிந்த பலகையின் கனம் முக்கால் அங்குலம், கதவுச் சட்டம் ஒன்றேகால் அங்குலம் என்று வைத்தால் இந்த அலமாரிக்கு 7 கன அடிதான் வரும். ஆனால் மரக்கடையில் முக்கால் அங்குலப் பலகைக்கு ஓர் அங்குலப் பலகையைத்தான் வாங்குகிறீர்கள். ஒன்றேகால் அங்குலச் சட்டத்துக்கு ஒன்றரை அங்குலச் சட்டம் வேண்டும். இழைப்பில் தூளாகப் போகும் மரத்துக்கும் காசு கொடுத்திருக்கிறீர்கள். ஆகவே கணக்கை இழைப்பதற்கு முந்தைய அளவில் போட வேண்டும்: நீளம், அகலம், கனம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 1728ஆல் வகுத்தால் கன அடி.

உங்கள் அலமாரியின் இரண்டு பக்கப் பலகைகளும் 78 × 20 × 1 அங்குலம் என்றால் இரண்டுக்கும் சேர்த்து 1.81 கன அடி. மேல், கீழ்ப் பலகைகள் 1.11. நடுத்தடுப்பும் ஆறு தட்டுகளும் 2.31. கதவு இரண்டுக்கும் சட்டமும் பேனலுமாக 2.83. இரண்டு இழுப்பறைகள் 0.56, அடிப்பீடமும் தலைப்பட்டியும் 0.53. மொத்தம் 9.15 கன அடி. முதுகுக்கும் இழுப்பறைகளின் அடிக்கும் பிளைவுட் போடுவதாக வைத்திருக்கிறேன்.

இதோடும் கணக்கு முடியவில்லை. வாங்கும் பலகையில் வெள்ளைப் பகுதி இருக்கும், நுனி வெடித்திருக்கும், முடிச்சு இருக்கும். ஏழடிப் பலகையில் ஆறேகால் அடி வெட்டினால் மீதி துண்டாகும். ஓரளவு நல்ல தேக்கில் இப்படி நான்கில் ஒரு பங்கு போய்விடும். இங்கே பலரும் 9.15உடன் அதன் கால் பங்கைக் கூட்டிவிடுகிறார்கள். அது தவறு. கழிவு, வாங்கும் மரத்தில் கால் பங்கு, ஆகவே 9.15ஐ 0.75ஆல் வகுக்க வேண்டும். 12.2 கன அடி வரும். நீங்கள் வாங்கியதும் அதே அளவுதான். மரம் உங்களை ஏமாற்றவில்லை, நீங்கள் வீணடிக்கவும் இல்லை. அந்த அலமாரி கேட்ட மரமே அவ்வளவு.

கன அடி 3,500 ரூபாய் என்று ஓர் உதாரண விலை வைத்துக்கொள்வோம். இங்கே நான் சொல்லும் எல்லா விலைகளையும் உங்கள் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்; முறை மாறாது. 12.2 கன அடிக்கு 42,700 ரூபாய் ஆகிறது. இந்த இடத்தில், 2,800 ரூபாய்க்குக் கிடைக்கும் மலிவு மரத்தை வாங்கலாமே என்று தோன்றும். அதில் வெள்ளை அதிகமாக இருந்து நூற்றுக்கு நாற்பது கழிந்தால், 9.15ஐ 0.60ஆல் வகுக்க வேண்டும். 15.25 கன அடி. அதன் விலையும் அதே 42,700 ரூபாய். மேற்கொண்டு, மூன்று கன அடி கூடுதலாக அறுத்து, பொறுக்கி, குறுகிய துண்டுகளை ஒட்டி அகலப்படுத்தும் வேலை உங்கள் தலையில். அதனால் கடையில் கன அடி விலையை மட்டும் கேட்டுவிட்டு வராமல், பலகைகளைப் புரட்டிப் பார்த்து வைரம் பாய்ந்த பகுதி எவ்வளவு தேறும் என்று கணித்த பிறகே பேரம் பேசுங்கள்.

அடுத்து கூலி. கையில் எதுவும் மிஞ்சாததற்கு இன்னொரு காரணம் இங்கே இருக்கிறது. உங்களுக்கு நீங்களே கூலி போட்டுக்கொள்ளவில்லை. உங்கள் நாள் கூலி 1,200, உதவியாளருக்கு 800 என்றால் பட்டறையில் ஒரு நாள் என்பது 2,000 ரூபாய். நாள்களை மொத்தமாக ஊகிக்காதீர்கள், வேலை வேலையாகப் பிரித்து எண்ணுங்கள். பலகை இழைத்து ஒட்ட இரண்டு நாள். கூடு பூட்டித் தடுப்பும் தட்டும் வைக்க இரண்டரை. கதவுகளுக்கு இரண்டரை. இழுப்பறைகளுக்கு ஒன்றரை. பீடமும் தலைப்பட்டியும் ஒரு நாள். கீல், பூட்டு பொருத்த அரை நாள். வாடிக்கையாளர் வீட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தி, கதவு சரியாக மூடுகிறதா என்று பார்த்துத் திரும்ப ஒரு நாள். பதினொரு நாள், 22,000 ரூபாய்.

கதவுக்கு ஏன் இரண்டரை நாள் என்று வாடிக்கையாளர் கேட்டால் எண்ணிக் காட்டுங்கள். ஒரு கதவில் மூன்று குறுக்குச் சட்டங்கள், ஆறு கழுந்துகள். இரண்டு கதவுக்குப் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு துளை. சட்டங்களின் உள்விளிம்பில் காடி, நான்கு பேனல்களுக்கும் ஓரச்சரிவு. பேனலைக் காடிக்குள் ஒட்டாமல், மழைக்காலத்தில் உப்பினால் நகர இடம் விட்டு நிறுத்த வேண்டும். இதே அலமாரிக்கு நான்கு கதவு வைத்தால் கழுந்து இருபத்து நான்காகும், கீல் இரட்டிப்பாகும். முகப்பு அப்போதும் அதே 26 சதுர அடிதான். சதுர அடி விலை உங்களைக் கவிழ்ப்பது இப்படித்தான். பிளைவுட்டில் ஒரே மாதிரி அலமாரிகளைத் தொடர்ந்து செய்பவர்களுக்கு அந்தக் கணக்கு உதவும், கெட்டி மரத்தில் ஒவ்வொன்றையும் புதிதாகச் செய்பவருக்கு உதவாது.

வடிவ வேலைப்பாட்டுக்குப் பத்து சதவீதம், இருபது சதவீதம் என்று குத்துமதிப்பாகக் கூட்டுவதையும் விட்டுவிடுங்கள். கதவின் மேல் சட்டத்தை வில் போல வளைத்துக் கேட்கிறார் என்று வைப்போம். நான்கு அங்குலச் சட்டத்துக்குப் பதில் ஏழு அங்குல அகலப் பலகை வேண்டும். இரண்டு கதவுக்கும் சேர்த்து, கழிவு உட்பட 0.17 கன அடி. 600 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆனால் அச்சு வெட்டி, வளைவு அறுத்து, உப்புத்தாள் போட்டு, வளைவுக்குள் காடி ஓட்டி, பேனலின் தலையையும் அதே வளைவில் சீவ ஒரு முழு நாள் போய்விடும். வேலைப்பாட்டின் விலை பெரும்பாலும் மரத்தில் அல்ல, நாள்களில் இருக்கிறது. ஆகவே எந்த வடிவம் கேட்டாலும் உங்களை நீங்கள் கேட்க வேண்டியது, இதற்கு எத்தனை நாள் கூடும் என்பதைத்தான். பேனலில் செதுக்கு வேலை என்றால் செதுக்குபவரிடம் படத்தைக் காட்டி, ஒரு பேனலுக்கு இவ்வளவு என்று விலை வாங்கிய பிறகே வாடிக்கையாளரிடம் பேசுங்கள்.

பாலிஷுக்கு முகப்பு 26 சதுர அடியை மட்டும் எண்ணுவது வழக்கமான சறுக்கல். இரண்டு பக்கங்களையும் சேர்த்தால் வெளிப்புறம் 48 சதுர அடி. தட்டுகளின் மேலும் கீழும், தடுப்பின் இருபுறம், கதவின் உட்புறம் எல்லாம் சேர்த்து உள்ளே ஏறத்தாழ 110 சதுர அடி வரும். வெளியே மெலமைன் பாலிஷ் சதுர அடி 110 ரூபாய், உள்ளே சீலர் மட்டும் 40 ரூபாய் என்றால் 9,680 ரூபாய். 9,700 என்று வைப்போம். வெளிப்புறத்துக்கு பி.யூ. கேட்டு, அதன் விலை சதுர அடிக்கு 250 ரூபாயாக இருந்தால் இன்னும் 6,700 ரூபாய் கூடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரக்காற்றுப் பட்டு லாக்கர் வெள்ளையாகப் பூத்துவிடும். அந்த மாதங்களில் ஒப்படைக்கும் தேதியைத் தள்ளிச் சொல்லுங்கள்.

கீல், பூட்டு, கைப்பிடி, பிளைவுட், பசை, திருகு எல்லாம் 6,500; வண்டி வாடகை 2,000. இதுவரை கூட்டினால் 82,900 ரூபாய். அதில் உங்கள் சொந்தக் கூலி 13,200ஐக் கழித்துப் பாருங்கள்: 69,700. நீங்கள் வாங்கிய 70,000 எங்கே போனது என்பது இப்போது தெரிகிறது அல்லவா? பதினொரு நாள் உழைத்ததற்கு 300 ரூபாய். பட்டறை வாடகை அதற்கு வெளியே நிற்கிறது.

அந்த வாடகையையும் நாள் கணக்கில் கொண்டுவாருங்கள். வாடகை, மின்சாரம், வாள் சாணை பிடிப்பது, இயந்திரத் தேய்மானம் எல்லாம் மாதம் 18,000 என்றும், மாதத்தில் 24 வேலை நாள் என்றும் வைத்தால் ஒரு நாளுக்கு 750. பதினொரு நாளுக்கு 8,250. அடக்க விலை 91,150 ரூபாய். அதன்மேல் 15 சதவீத லாபம் வைத்தால் 1,04,800 ரூபாய் வருகிறது. உங்கள் கூலி வேறு, லாபம் வேறு. நாளை கதவு இறங்கிவிட்டது என்று அழைத்தால் போய்ச் சரிசெய்வதும், வேலை இல்லாத வாரமும், புதிய இயந்திரமும் அந்த லாபத்திலிருந்துதான் வர வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் வரி தனி.

இவ்வளவு கொடுக்க முடியாது என்று வாடிக்கையாளர் சொன்னால் லாபத்தில் கை வைக்காதீர்கள், அலமாரியை மாற்றுங்கள். ஆறு தட்டுகளையும் தேக்குக்குப் பதில் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் செய்து முன்விளிம்பில் தேக்குப் பட்டி ஒட்டலாம். எட்டுக்கு நான்கடிப் பலகை ஒன்றில் ஆறும் தாராளமாக அடங்கும். தேக்கில் 7,000 ரூபாய் குறையும். பிளைவுட்டுக்கும் பட்டிக்கும் 4,000 போகும். ஒட்டி அகலப்படுத்தும் வேலை இல்லாததால் ஒரு நாள் மிச்சம். விலை 98,000 ரூபாய் அளவுக்கு இறங்கும், உங்கள் லாப விகிதம் அப்படியே இருக்கும். முகப்பில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் தட்டு பிளைவுட் என்பதை விலைப்பட்டியலில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

பட்டியலில் மரத்தின் வகை, தட்டு, முதுகு எதில், கதவின் வடிவம், உள்ளும் புறமும் என்ன பாலிஷ், எத்தனை நாள் வரை இந்த விலை செல்லும் என்பவை இருக்கட்டும். முன்பணம் மரத்துக்கும் கீல் பூட்டுச் சாமான்களுக்கும் போதுமானதாக வாங்குங்கள். இந்த அலமாரிக்கு அது 50,000 ரூபாய். பலகை வெட்டிய பிறகு வடிவம் மாறினால் கூடும் நாளுக்கு 2,750 ரூபாய், மரம் தனி என்று கடைசி வரியாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.